கிராஜுவிட்டி, லீவு சம்பளத்துக்குக் கம்பெனி வரி பிடித்துவிட்டது: ரிட்டர்னில் எங்கே காட்டுவது, நோட்டீஸுக்கு என்ன பதில்?

"கோவையில் ஒரு தனியார் ஆலையில் 28 வருடம் 8 மாதம் வேலை பார்த்து 2024 ஜூன் 30 அன்று ஓய்வு பெற்றேன். கிராஜுவிட்டி 13,05,000, சேர்ந்திருந்த 240 நாள் லீவுக்கு 6,24,000 கொடுத்தார்கள். இரண்டையும் சம்பளத்தோடு சேர்த்து வரி பிடித்துவிட்டார்கள். இரண்டுக்கும் வரி கிடையாது என்று நண்பர் சொன்னதால், மூன்று மாதச் சம்பளம் 3,60,000 மட்டும் காட்டி ரீஃபண்ட் கேட்டு ரிட்டர்ன் போட்டேன். இப்போது 139(9) என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா சார்?"

கிடைக்கும். உங்கள் கோரிக்கை கிட்டத்தட்ட முழுக்க நியாயமானதுதான், அதைக் காட்டிய இடம்தான் தவறு. கூடவே லீவு சம்பளத்தில் ஒரு சின்னத் தொகை கூடுதலாகக் கழிந்திருக்கிறது. இரண்டையும் இந்த ஒரே பதிலில் சரிசெய்துவிடலாம். நோட்டீஸுக்கு 15 நாள்தான் அவகாசம் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

நோட்டீஸ் ஏன் வந்தது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கும். உங்கள் கம்பெனி துறைக்கு அனுப்பிய கணக்கில் உங்களுக்குக் கொடுத்த சம்பளம் 22,89,000 என்று இருக்கும், அதாவது மூன்று மாதச் சம்பளம், கிராஜுவிட்டி, லீவு சம்பளம் மூன்றும் சேர்ந்த தொகை. அதற்குப் புதிய முறையில் 75,000 நிலைக்கழிவு போக 22,14,000-க்கு வரி போட்டால் செஸ் சேர்த்து சுமார் 3,68,000 வருகிறது. உங்கள் ஃபார்ம் 26ஏஎஸ்-இல் டி.டி.எஸ். இதை ஒட்டியே இருக்கும். நீங்களோ அந்த 3,68,000 முழுவதையும் திருப்பிக் கேட்டுவிட்டு, அது எந்த வருமானத்தில் பிடிக்கப்பட்டதோ அந்த வருமானத்தில் 3,60,000 மட்டுமே காட்டியிருக்கிறீர்கள். மூன்றரை லட்சம் சம்பளத்துக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் வரி பிடித்ததாகக் கணினி பார்த்தால் மீதி வருமானம் எங்கே என்றுதான் கேட்கும். அந்தக் கேள்விதான் இந்தக் 'குறைபாடுள்ள ரிட்டர்ன்' நோட்டீஸ். உங்களை யாரும் சந்தேகப்படவில்லை, பயப்பட வேண்டாம்.

ஆகவே முழுச் சம்பளத்தையும் காட்டிவிட்டு, விலக்கு எவ்வளவோ அதை அதற்கென்று இருக்கும் கட்டத்தில் கழிக்க வேண்டும். அதற்கு முன் விலக்கு சரியாக எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடுவோம். கடைசி மாதம் உங்கள் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 78,000 என்று எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் சொன்ன தொகைகள் அதற்குத்தான் பொருந்துகின்றன.

கிராஜுவிட்டி. நீங்கள் ஓய்வு பெற்றபோது உங்கள் ஆலை 1972-ஆம் ஆண்டு பணிக்கொடைச் சட்டத்துக்குள் வந்தது. அந்தச் சட்டப்படி கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கான தொகை, உங்களுக்கு 45,000. வருடக் கணக்கில் ஆறு மாதத்துக்கு மேல் உள்ள மீதியை ஒரு முழு வருடமாக எடுக்க வேண்டும் என்பதால் 28 வருடம் 8 மாதம் என்பது 29 ஆகிறது. 45,000 பெருக்கல் 29 என்றால் 13,05,000, உங்களுக்கு வந்ததும் அதுவே. உச்சவரம்பு 20 லட்சம், அதற்குள்ளேயே இருக்கிறது. எனவே பிரிவு 10(10)-இன்படி மொத்தமும் விலக்கு.

லீவு சம்பளத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள். அரசு ஊழியர் என்றால் ஓய்வின்போது வரும் லீவு சம்பளம் முழுக்க விலக்கு, உங்கள் நண்பர் அரசுப் பணியில் இருந்தவராக இருக்கலாம். தனியாருக்கும் வங்கி, பொதுத்துறை நிறுவன ஊழியர்களுக்கும் அப்படி இல்லை. நான்கு தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது குறைவோ அதுதான் விலக்கு: கையில் வந்த தொகை, 25 லட்சம், பத்து மாதச் சராசரிச் சம்பளம் பெருக்கல் பத்து, சேர்ந்திருக்கும் லீவுக்கு அதே சராசரிச் சம்பளத்தில் போட்ட மதிப்பு. அந்த 25 லட்சம் 2023 ஏப்ரல் 1 முதல்தான், அதற்கு முன் 3 லட்சம் என்று வெகுகாலம் கிடந்தது. பழைய எண்ணை வைத்தே வரி பிடிக்கும் சம்பளப் பிரிவுகளை நான் இன்னும் பார்க்கிறேன், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சராசரி என்பது ஓய்வு பெறும் நாளுக்கு முந்தைய பத்து மாதங்களுக்கு. உங்களுக்கு 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஜூன் வரை. ஏப்ரலில்தான் 74,000 என்பது 78,000 ஆனது என்று வைத்துக்கொண்டால் ஏழு மாதம் 74,000, மூன்று மாதம் 78,000, மொத்தம் 7,52,000, சராசரி 75,200. இப்போது லீவு. வருடத்துக்கு 30 நாளுக்கு மேல் கணக்கில் எடுக்கக் கூடாது, இங்கே முழு வருடங்கள் மட்டுமே, அதாவது 28. கிராஜுவிட்டியில் 29 ஆன அதே சர்வீஸ் இங்கே 28-தான், இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 28 பெருக்கல் 30 என்றால் 840 நாள், அதில் இத்தனை வருடத்தில் எடுத்ததும் இடையிலேயே சரண்டர் செய்ததும் 600 நாள் என்றால் மீதி 240. இது எட்டு மாதம், 75,200 வீதம் 6,01,600.

கம்பெனி 240 நாளைக் கடைசி மாதச் சம்பளத்தில் கணக்குப் போட்டு 6,24,000 கொடுத்தது, அது அவர்களுடைய விதி, தப்பில்லை. ஆனால் வருமான வரிச் சட்டம் சராசரிச் சம்பளத்தைத்தான் பார்க்கிறது. எனவே 10(10AA)-இல் விலக்கு 6,01,600, மீதி 22,400 வரிக்குரியது. உங்களுக்கு இதனால் ஒரு ரூபாய் வரிகூடக் கூடாது, ஏனென்றால் 22,89,000-இல் இரண்டு விலக்கும் நிலைக்கழிவும் போக 3,07,400-தான் நிற்கிறது. வங்கி வட்டி ஒன்றரை லட்சம் சேர்த்தாலும் 7 லட்சத்துக்குள் என்பதால் 87ஏ தள்ளுபடியில் வரி பூஜ்யம். அப்படியிருந்தும் தொகையைச் சரியாகக் காட்டுங்கள். பின்னால் யாராவது தாளைக் கேட்டால் உங்கள் கணக்கும் சட்டத்தின் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். உங்கள் சம்பளச் சீட்டுகளில் எண்கள் வேறாக இருந்தால் இதே வழியில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இனி பதில். போர்ட்டலில் `Pending Actions` போய் `e-Proceedings`-ஐத் திறந்தால் நோட்டீஸ் இருக்கும். அதில் `Agree`, `Disagree` என்று இரண்டு வழி. உங்களுக்கு `Agree`-தான் சரி. "ஒப்புக்கொண்டால் வரி கட்ட வேண்டுமோ" என்று தயங்குவார்கள், அப்படி இல்லை. ரிட்டர்னில் குறை இருப்பதை மட்டும் ஒப்புக்கொண்டு, திருத்திய ரிட்டர்னை அங்கேயே போடுகிறீர்கள். `Disagree` கொடுத்து விளக்கம் மட்டும் எழுதினால் பழைய ரிட்டர்ன் அப்படியே நிற்கும், அது ஏற்கப்படாவிட்டால் ரிட்டர்னே செல்லாமல் போகும் அபாயம் உண்டு.

திருத்திய ரிட்டர்னில் 17(1) சம்பளம் 22,89,000 என்று ஃபார்ம் 16-இல் உள்ளபடியே போடுங்கள். அதன் கீழே பிரிவு 10 விலக்குகளுக்கான பட்டியலில் 10(10) தேர்ந்தெடுத்து 13,05,000, அடுத்த வரிசையில் 10(10AA) தேர்ந்தெடுத்து 6,01,600. வேலை கொடுத்தவரின் வகை `Others`. அரசு என்று தவறிப் போட்டுவிட்டால் வேறு விதி பொருந்தி இன்னொரு கேள்வி வரும். டி.டி.எஸ். தொகை 26ஏஎஸ்-இல் உள்ளதோடு காசு பிசகாமல் ஒத்திருக்கட்டும். வங்கி வட்டியையும் விடாமல் காட்டுங்கள். அனுப்பியபின் இ-வெரிஃபை செய்தால்தான் வேலை முடிந்தது.

அப்புறம் உங்கள் ஃபார்ம் 16-இன் பார்ட் பி-யில் 2(b), 2(d) என்று இரண்டு வரிசை பாருங்கள், முதலாவது கிராஜுவிட்டிக்கு, அடுத்தது லீவு சம்பளத்துக்கு. உங்களுக்கு இரண்டும் பூஜ்யமாக இருக்கும். கம்பெனி விலக்கு கொடுக்காததால் உங்கள் உரிமை போய்விடாது, அவர்கள் செய்வது வரிப் பிடித்தம் மட்டும்தான். ஃபார்மைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். பிடித்த வரி அரசுக்குப் போய்விட்டது, அதை ரிட்டர்ன் மூலமாகத்தான் வாங்க முடியும்.

ஆனால் அந்த இரண்டு பூஜ்யங்களால் இன்னொரு கேள்வி வரலாம், 143(1)(a)-இன் கீழ், விலக்கை ஏற்காமல் வருமானத்தில் சேர்க்கப்போகிறோம் என்று. அதற்கு அவகாசம் 30 நாள். அங்கே `Agree` அழுத்திவிடாதீர்கள், அந்த இடத்தில் அதற்கு முழுத் தொகையும் வருமானம்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகப் பொருள். `Disagree` கொடுத்து, நீளமான கட்டுரை எழுதாமல், இவ்வளவு சொன்னால் போதும்: இந்தத் தேதியில் சேர்ந்து இந்தத் தேதியில் ஓய்வு பெற்றேன், நிறுவனம் பணிக்கொடைச் சட்டத்துக்கு உட்பட்டது, வரி பிடிக்கும்போது விலக்குகள் கணக்கில் எடுக்கப்படவில்லை, கணக்கு இது, இதற்கு முன் எந்த நிறுவனத்திலிருந்தும் இந்த விலக்குகளைப் பெறவில்லை. கடைசி வாக்கியம் முக்கியம், ஏனென்றால் 20 லட்சமும் 25 லட்சமும் ஒருவரின் வாழ்நாள் முழுமைக்குமான வரம்புகள். முன்பு வேறு நிறுவனத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தொகையைக் கழித்து மீதி வரம்பைத்தான் காட்ட வேண்டும்.

இணைக்க வேண்டிய தாள்கள் இப்போதே கையில் இருக்கட்டும். ரிலீவிங் லெட்டர், இறுதிக் கணக்குப் பட்டுவாடாச் சீட்டு, பத்து மாதச் சம்பளச் சீட்டுகள், லீவுக் கணக்கு. இவற்றில் லீவுக் கணக்குதான் பெரும்பாலும் கிடைக்காது. சேர்ந்த நாளிலிருந்து எத்தனை நாள் வரவு, எத்தனை எடுத்தது, எத்தனை சரண்டர், மீதி எத்தனை என்று ஒரே தாளில் கையெழுத்தோடு எச்.ஆர். தரட்டும், மேலே சொன்ன 6,01,600 அந்தத் தாளில்தான் நிற்கிறது.

பதில் சொல்லியும் அந்தத் தொகையை வருமானத்தில் சேர்த்தே 143(1) ஆணை வந்தால், கண்ணுக்குத் தெரியும் பிழை என்று பிரிவு 154-இல் திருத்தம் கேட்கலாம், அதற்கு நான்கு வருடம் அவகாசம் உண்டு. ஆனால் திருத்தம் கேட்டுவிட்டோம் என்று மேல்முறையீட்டை மறந்துவிடாதீர்கள், ஃபார்ம் 35-க்கு 30 நாள்தான்.

உங்களோடு ஓய்வு பெற்ற நண்பர்கள் யாராவது விலக்கே கேட்காமல் ரிட்டர்ன் போட்டிருந்தால், 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குத் திருத்திய ரிட்டர்னின் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அதைத் தவறவிட்டவர்கள் ஐ.டி.ஆர்.-யு என்ற புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. தாமதத்தை மன்னிக்கக் கோரி 119(2)(b)-இன்படி மனுப் போடுவதுதான் வழி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள்.