தடுப்பூசி அனிமேஷன்: நரேஷனில் எதைச் சொல்வது?

"தடுப்பூசி நம் எதிர்ப்புச் சக்தியை எப்படிப் பழக்குகிறது என்று ஒரு சின்ன அனிமேஷன் செய்கிறேன், நரேஷன் எப்படி எழுதலாம்?"

டெட்டனஸ் ஊசியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படைவீரர், வாள், கேடயம் எல்லாம் வேண்டாம், அவை வந்தால் சண்டைதான் தெரியும், பழகுவது தெரியாது. நான் எழுதினால் இப்படி:

"ஊசியில் இருப்பது கிருமி இல்லை. கிருமியின் நஞ்சு, ஃபார்மலினால் வீரியம் போக்கியது. கைத்தசையில் இறங்கியதும் டென்ட்ரிடிக் செல் என்ற வெள்ளணு அதை விழுங்கி, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப் போகிறது. அங்கே பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் ஏராளம், ஒவ்வொன்றிலும் வேறு வடிவ ஏற்பி. நஞ்சோடு ஓரளவு பொருந்தும் சில மட்டும், டி செல் என்ற இன்னொரு வெள்ளணுவின் உதவியோடு, பெருகுகின்றன. பெருகும்போது ஏற்பி சிறிது சிறிதாக மாறுகிறது; இறுக்கிப் பிடிப்பவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன."

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், பழக்கம் என்பது இதுதான். அப்புறம், தேறியவற்றில் சில எலும்பு மஜ்ஜையில் தங்கி, நஞ்சைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதத்தைச் சுரக்கின்றன, சில நினைவுச் செல்களாகக் காத்திருக்கின்றன என்று சொன்னால் போதும். இரண்டாம் டோஸ் வரும்போது இந்த நினைவுச் செல்களே மறுபடி பெருகுவதைக் காட்டுங்கள்.

ஒன்றை விட்டுவிடாதீர்கள்: டெட்டனஸ் வந்து பிழைத்தவருக்கும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை. ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சு, பி செல்களை எழுப்பப் போதாத அளவு சொற்பம். அதனால் நினைவுச் செல் விழிக்கும்வரை காத்திருக்க முடியாது, ஆன்டிபாடி ரத்தத்தில் முன்பே இருக்க வேண்டும். இந்திய அட்டவணையில் 10, 16 வயதில் மறுபடி ஊசி போடுவது அதற்காகத்தான்.