"நோ ரிட்டர்ன்" என்று போட்டுவிட்டால் ஓட்டைக் கேமராவைத் தள்ளிவிடலாமா?

கேள்வி: மேடம், நான் திருநெல்வேலியில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைப்பவன். டெல்லியில் உள்ள ஒரு பழைய கேமரா கடையின் வலைத்தளத்தில் நிக்கான் டி750 பாடியும் 24-70 லென்ஸும் சேர்த்து 78,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை ஓடிய எண்ணிக்கை, 18,000, லென்ஸில் பங்கஸ் கிடையாது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். நான் கேட்டதற்கு ஒரு சாம்பிள் ரா ஃபைலும் டிரைவில் அனுப்பினார்கள். வந்ததைப் பார்த்தால் கவுண்ட் 1,46,000. லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பங்கஸ். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியில் உள்ளதும் வேறு வேறு. கேட்டால், "நோ ரிட்டர்ன் என்று தளத்திலேயே இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் அன்பாக்ஸிங் வீடியோவோடு சொல்லியிருக்க வேண்டும்" என்கிறார்கள். வீடியோ எடுக்கவில்லை. பொருள் வந்து ஆறு நாள் ஆகிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்க வழி இருக்கிறது. ஆனால் அடுத்த சில நாட்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள், முக்கியமாக என்ன செய்யாமல் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. அதனால் முதலில் ஒரு வேண்டுகோள். அந்தக் கேமராவில் இனி ஒரு முகூர்த்தம் கூட எடுக்காதீர்கள். லென்ஸைக் கழற்றி பங்கஸ் துடைக்கக் கொடுக்காதீர்கள்.

காரணம் 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் இருக்கிறது. பொருள் சொன்னபடி இல்லை என்றால் வாங்கியவர் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் அவர் பொருளை "ஏற்றுக்கொண்டுவிட்டார்" என்று ஆகிவிட்டால், பொதுவாக நஷ்ட ஈடு மட்டும்தான் கேட்க முடியும். 42-வது பிரிவின்படி, பொருள் இன்னும் விற்றவருடையது என்பதற்கு முரணான காரியம் செய்தாலும், நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாலும் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஒரு கல்யாணத்தை முழுதாக எடுத்துவிட்டு, சர்வீஸும் பண்ணிவிட்டு வந்தால், கடை வக்கீல் முதலில் பிடிக்கப்போவது இதைத்தான். ஆறு நாள் என்பது தாமதம் இல்லை. இன்றே மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும், "விளம்பரத்தில் சொன்னபடி இல்லாததால் இரண்டையும் நிராகரிக்கிறேன், முழுத் தொகையைத் திருப்பித் தாருங்கள், பொருள் உபயோகிக்காமல் பத்திரமாக இருக்கிறது, ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதிவிடுங்கள். போனில் பேசினது மட்டும் போதாது. "முதலில் நீ கூரியர் போடு, பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்று அவர்கள் சொன்னால் சம்மதிக்க வேண்டியதில்லை. நிராகரிப்பதாகத் தெரிவித்தால் போதும், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை திருப்பி அனுப்பிவைக்கும் கடமை வாங்கியவருக்கு இல்லை என்று 43-வது பிரிவு சொல்கிறது. சாட்சியமே அந்தக் கேமராதான். அதைக் கையை விட்டு அனுப்பினால் திரும்பி வருவது அதேதானா என்று யார் சொல்வது?

அடுத்து அந்த சாம்பிள் ஃபைல். உங்கள் வழக்கின் உயிர்நாடி அதில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். நிக்கான் கேமரா ஒவ்வொரு படத்தோடும் பாடியின் சீரியல் நம்பரையும் அதுவரை ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்பதையும் சேர்த்து எழுதிவைக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதைப் படித்துக் காட்டும். (கேனனின் பல மாடல்களில் இந்தக் கணக்கு படத்தில் பதியாது, உங்களுடையது நிக்கான் என்பது நல்லதாயிற்று.) டிரைவில் வந்த ஃபைலைப் பெயர் கூட மாற்றாமல் பிரதி எடுத்து, பிரதியின் மேல் மட்டும், sample.NEF என்ற இடத்தில் உங்கள் ஃபைலின் பெயரைப் போட்டு, இதை ஓட்டுங்கள்:

```
exiftool -SerialNumber -ShutterCount -DateTimeOriginal sample.NEF
```

பிறகு உங்கள் கையில் உள்ள கேமராவில் முதல் நாள் எடுத்த படத்தின் மேலும் இதையே ஓட்டிப் பாருங்கள். சாம்பிளில் உள்ள சீரியல் பில்லில் உள்ளதோடு ஒத்துப்போய், உங்கள் பாடியோடு ஒத்துப்போகவில்லை என்றால் காட்டியது ஒரு கேமரா, அனுப்பியது வேறு கேமரா. அதற்கு மேல் ஷட்டர் கவுண்ட் பற்றி வாதாடவே தேவையில்லை. சாம்பிளின் சீரியல் உங்கள் பாடியோடு ஒத்துப்போய் கவுண்ட் மட்டும் 18,000 என்று இருந்தால், படம் எடுத்த தேதியைப் பாருங்கள். சில வருடம் முந்தைய படத்தை எடுத்து நீட்டியிருப்பார்கள். கேமராவில் தேதியை மாற்றிவைக்க முடியும் என்பதால் தேதியை மட்டும் நம்பி நிற்க வேண்டாம், மற்றவற்றோடு சேர்த்துக் காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக வந்தது இதற்கு உதவாது, அதில் இந்த விவரங்கள் எல்லாம் உதிர்ந்துபோயிருக்கும். டிரைவில் வந்ததுதான் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஃபைல் பெயரில் உள்ள நாலு இலக்க எண்ணைக் காட்டி "இதுதான் கவுண்ட்" என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். அது 9999 தாண்டியதும் திரும்ப முதலிலிருந்து ஓடும்.

டி750-இன் ஷட்டர் 1,50,000 தடவை வரை சோதிக்கப்பட்டது என்பது நிக்கான் சொல்லும் கணக்கு. அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் 18,000 ஓடிய பாடிக்கும் 1,46,000 ஓடிய பாடிக்கும் விலை ஒன்றாக இருக்க முடியாது. மனுவில் அதை இப்படித்தான் எழுத வேண்டும்.

அன்பாக்ஸிங் வீடியோ இல்லாததற்குக் கவலைப்படாதீர்கள். வீடியோ இல்லை என்பதால் மட்டும் உரிமை போய்விடாது. பெட்டியில் பொருள் குறைந்தது, வழியில் உடைந்தது என்ற சண்டைகளில் அது ரொம்ப உதவும். உங்கள் குறை வேறு வகை. 18,000-க்கும் 1,46,000-க்கும் இடையில் 1,28,000 படம். ஆறு நாளில் எடுத்திருந்தால் தினம் 21,000-க்கு மேல் எடுத்திருக்க வேண்டும். யாரும் நம்பமாட்டார்கள். முதல் நாள் படத்தில் பதிவான கவுண்ட்டும் கையில் இருந்தால் அந்த வாதமே எழாது.

பங்கஸ் விஷயத்தில் "உங்கள் ஊர் ஈரத்தில் வந்தது" என்பார்கள். லென்ஸுக்குள் கிளை விட்ட நூலாகக் கண்ணுக்குத் தெரிகிற அளவு பூஞ்சை வளர வாரக்கணக்கில் ஆகும், ஆறு நாளில் வராது. இதை நீங்கள் சொல்வதைவிட லென்ஸ் சர்வீஸ் செய்பவர் எழுதித் தருவது நல்லது. அபர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கமிருந்து படம் எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் கழற்றாமல் பார்த்து அறிக்கை மட்டும் கேளுங்கள். லென்ஸின் சீரியல் நம்பர், பூஞ்சை எந்தப் பகுதியில் இருக்கிறது, கண்ணாடிப் பூச்சு அரித்திருக்கிறதாகத் தெரிகிறதா, எவ்வளவு காலப் பழசாக இருக்கும் என்பது அவர்கள் கருத்தில், இவ்வளவும் லெட்டர்பேடில் வரட்டும். பூச்சு அரித்திருந்தால் துடைத்தாலும் தடம் போகாது, வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளுக்கும். "ஆயிரம் ரூபாய்க்குச் சுத்தம் பண்ணிக்கொள்" என்ற பேரத்துக்கு அதுவே பதில்.

இப்போது அந்த "நோ ரிட்டர்ன்". பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்பவருக்கு அந்த வரி செல்லும். சொன்னது ஒன்று, அனுப்பியது ஒன்று என்றால் செல்லாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள், குறையுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன. பழைய பொருளுக்கு என்று விலக்கு எதுவும் இல்லை. கடையின் குறை தீர்க்கும் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளது. தளத்தில் அவர் பெயரைத் தேடி அவருக்கும் புகாரை அனுப்புங்கள். இல்லை என்றால் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றே எடுத்து வைப்பது ரொம்ப முக்கியம், நோட்டீஸ் போன மறுநாள் அது காணாமல் போகும்.

கடை மசியவில்லை என்றால் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லிவையுங்கள், சில கடைகள் அதிலேயே இறங்கிவரும். அப்புறம் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையம். டெல்லிக்கு அலைய வேண்டாம், நுகர்வோர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் செய்யலாம் என்று 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-வது பிரிவு சொல்கிறது. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், ஃபைல்களுக்குப் மின்னணு ஆதாரத்துக்கென்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழை இணைத்துவிடுங்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் நடைமுறையில் இழுக்கும்.

ஆணையத்தில் அவர்கள் எழுப்பக்கூடிய ஆட்சேபம் ஒன்று உண்டு. "இவர் தொழிலுக்கு வாங்கினார், நுகர்வோர் இல்லை" என்பார்கள். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. எனவே மனுவின் முதல் பத்தியிலேயே, நானே கேமரா பிடிக்கிறேன், இதுதான் குடும்ப வருமானம் என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டு மனு அடிபட்டால் வீண் வேதனை.

சீரியல் நம்பர் வேறுபாட்டை நான் தனியாக எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கே ஆபத்து இருக்கிறது. தட்டச்சுப் பிழையாகவும் இருக்கலாம், திருட்டுக் கேமராவாகவும் இருக்கலாம். திருடப்பட்டது என்றால், நீங்கள் நல்லெண்ணத்தில் காசு கொடுத்திருந்தாலும் பொதுவாக உரிமை உங்களுக்கு வராது. சொந்தக்காரர் வந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். விற்றவரிடம் முழுப் பணத்தையும் கேட்கலாம். அதனால் அந்தக் கேமரா கடைக்கு எப்படி வந்தது என்று காட்டும் அசல் பில்லின் நகலைக் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். வந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேறொருவருக்குத் தள்ளிவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம், திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ சந்தேகிக்கக் காரணம் இருந்தோ கைமாற்றினால் அது உங்கள் மேல் குற்றமாகத் திரும்பும். வேண்டுமென்றே கேமராவை மாற்றி அனுப்பியது சாம்பிள் ஃபைலில் தெளிவாகத் தெரிந்தால், ஏமாற்றுதலுக்காக பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் போலீஸ் புகாரும் கொடுக்கலாம். ஆணையத்துப் புகாரை அது தடுக்காது.

கடைசியாக ஒன்று. நோட்டீஸ் போனதும், "பத்தாயிரம் திருப்பித் தருகிறோம், வைத்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வரும். அதற்கு அவசரத்தில் "சரி" என்று போட்டுவிடாதீர்கள், பாக்கியை விட்டுக்கொடுத்தீர்கள் என்று அதையே காட்டுவார்கள். லென்ஸை மட்டும் திருப்பிக் கொடுத்து பாடியை வைத்துக்கொள்வது போன்ற ஏற்பாட்டுக்கு மனம் ஒப்பினால், எந்தப் பொருளுக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள், கூரியர் செலவு யாருடையது என்று மின்னஞ்சலில் எழுதி வாங்கி, பணம் கணக்கில் ஏறிய பிறகு பெட்டியைக் கொடுங்கள். ஆனால் சீரியல் விவகாரம் தெளியாமல் பாடியை மட்டும் எந்த விலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டாம்.