அதிக உதிரப்போக்குக்கான மாத்திரைகள்: எப்படி வேலை செய்கின்றன, யார் சாப்பிடக்கூடாது?

கேள்வி: எனக்கு வயது 38. மாதவிலக்கின் இரண்டாம், மூன்றாம் நாள்களில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கேனில் குறை எதுவும் இல்லை. டிரானெக்சாமிக் அமிலம் 500 மி.கி. மாத்திரையை, போக்கு மிகும்போது ஒன்று வீதம் சாப்பிடுகிறேன். ஏன் குறையவில்லை?

பதில்: மாத்திரை தவறானதன்று, சாப்பிடும் முறைதான் போதவில்லை. கருப்பையின் உட்சுவர் உதிரும்போது திறந்துகொள்ளும் நுண்ணிய ரத்தக்குழாய்களை, ஃபைப்ரின் என்னும் புரத இழைகளால் ஆன உறைகட்டி அடைக்கிறது. அந்த இழைகளைக் கரைக்கும் பிளாஸ்மின் என்ற நொதியும் நம் உடலிலேயே உண்டாகிறது. உதிரப்போக்கு அதிகமுள்ள பெண்களின் கருப்பை உட்சுவரில் இந்தக் கரைப்பு வேலை மிகுதியாக நடப்பதால், அடைப்பு விழுந்த வேகத்திலேயே கரைந்துவிடுகிறது. டிரானெக்சாமிக் அமிலம் புதிதாக உறைகட்டியை உருவாக்குவதில்லை. பிளாஸ்மினின் மூலப்பொருளில், ஃபைப்ரின் இழையைப் பற்றிக்கொள்ள உதவும் இடத்தைத் தானே பிடித்துக்கொண்டு, உண்டான கட்டி கரையாமல் காக்கிறது.

இந்த மருந்து சில மணி நேரத்தில் சிறுநீரகம் வழியாக வெளியேறிவிடும். ஆகவே இடைவிடாமல் ரத்தத்தில் இருந்தால்தான் பலன் கிடைக்கும். வழக்கமான அளவு ஒரு வேளைக்கு 1 கிராம், நாளைக்கு மூன்று வேளை, அதிகபட்சம் நான்கு நாள்கள். அதாவது 500 மி.கி. மாத்திரையில் வேளைக்கு இரண்டு, நாளைக்கு ஆறு. போக்கு தொடங்கிய நாளிலேயே ஆரம்பிக்க வேண்டும். தொடங்குமுன் சாப்பிடுவதில் பயனில்லை. உங்கள் மருத்துவச் சீட்டில் எழுதியிருக்கும் அளவை மருத்துவரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொண்டு, இதே முறையில் மூன்று மாதவிலக்குகள் வரை பாருங்கள். மூன்றாம் நாளில் ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் போதுமென்றானால் மருந்து வேலை செய்கிறது. மாற்றமே இல்லையென்றால் தொடர வேண்டாம். வேறு சிகிச்சையை யோசிக்க வேண்டும். ரத்தசோகை இருக்கிறதா என்று ஹீமோகுளோபினையும், இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்ப்பது அவசியம், ஏனெனில் இம்மாத்திரை இழந்த இரும்புச்சத்தைத் திருப்பித் தராது.

கேள்வி: வயிற்றுவலிக்குத் தந்த மெஃபனாமிக் அமிலத்தால் போக்கும் குறைந்தது. வலிமாத்திரைக்கும் ரத்தத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: கருப்பை உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்களில் சில, ரத்தக்குழாய்களை விரியச் செய்கின்றன, சில கருப்பையை இறுக்கி வலியைத் தருகின்றன. மெஃபனாமிக் அமிலம், நாப்ராக்ஸன், ஐபுப்ரோஃபென் போன்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரைகள் இவற்றின் உற்பத்தியைக் குறைப்பதால் இரண்டுக்கும் பலன் தெரிகிறது. ரத்தப்போக்கைக் குறைப்பதில் டிரானெக்சாமிக் அமிலமே கூடுதல் வலிமை உடையது. வலியும் சேர்ந்திருப்பவர்களுக்கு இவை பொருத்தம். உணவுக்குப் பின் சாப்பிட வேண்டும். டிரானெக்சாமிக் அமிலமும் மெஃபனாமிக் அமிலமும் ஒரே மாத்திரையில் சேர்ந்தும் விற்கின்றன. அதைச் சாப்பிடுபவர், வலிக்கிறதென்று மேலும் ஒரு டைக்ளோஃபினாக்கோ ஐபுப்ரோஃபெனோ போட்டுக்கொண்டால் ஒரே வகை மருந்து இரட்டிப்பாகி, வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆஸ்பிரினும் வலிமாத்திரைதான் என்றாலும், அது ரத்தத் தட்டுகளின் வேலையைத் தடுப்பதால் இதற்கு உதவாது.

கேள்வி: பிரசவத்துக்குப் பின் காலில் ரத்தக்கட்டு வந்து சிகிச்சை பெற்றேன். இப்போது அதிகப் போக்கு. டிரானெக்சாமிக் அமிலம் சாப்பிடலாமா?

பதில்: கூடாது. கட்டியைக் கரையவிடாத மருந்து, காலிலோ நுரையீரலிலோ உள்ள கட்டியையும் கரையவிடாது. கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, நுரையீரல் அடைப்பு, பக்கவாதம் ஆகியவை வந்தவர்களும், வலிப்பு நோய் உள்ளவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரகக் குறைபாடு இருந்தால் மருந்து உடலில் தேங்கும். அளவைக் குறைக்க வேண்டும், கடுமையான குறைபாட்டில் தரவே கூடாது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் உறையும் அபாயம் ஏற்கெனவே கூடியிருப்பதால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து சாப்பிடும்போது ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நிறங்கள் மாறித் தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமாவும் அல்சரும் உண்டு. அழற்சி எதிர்ப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளுமா?

பதில்: அல்சர் இருப்பதால் வேண்டாம், வலிமாத்திரையால் முன்பு இழுப்பு வந்திருந்தாலும் வேண்டாம். சிறுநீரக நோய், இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இவை ஆகா. டெங்கு சந்தேகமுள்ள காய்ச்சலின்போது மாதவிலக்கு வந்தால் இவற்றைத் தொடவே கூடாது. சிறுவயது முதலே ஈறில் ரத்தக்கசிவும் எளிதில் கன்றிப்போவதும் இருந்தால், பிறவியிலேயே உறைதல் குறைபாடு இருக்கலாம். அவர்களுக்கு இம்மாத்திரை போக்கைக் கூட்டிவிடும்.

கேள்வி: எனக்கு வயது 53. மாதவிலக்கு நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, திடீரென்று போக்கு. தங்கையிடம் மீதமிருக்கும் டிரானெக்சாமிக் மாத்திரையைச் சாப்பிடட்டுமா?

பதில்: சாப்பிடாதீர்கள், அம்மா. இது மாதவிலக்கு அன்று. மாதவிலக்கு நின்றபின் வரும் ரத்தம் கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். மாத்திரையால் அது நின்றுவிட்டால் பரிசோதனை தள்ளிப்போகும். சிறு கசிவாக இருந்தாலும் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரைப் பார்த்து, கருப்பை உட்சுவரின் தடிமனை ஸ்கேனில் அளந்து, தேவையென்றால் அதிலிருந்து திசு எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.