ஒரு ஏக்கர் டெல்டா நிலம்: சோறா, எத்தனாலா?

கேள்வி: பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்காகக் கரும்பு சாகுபடியை ஊக்குவிக்கிறார்கள். காவிரி டெல்டாவில் இது நெல் விளையும் நிலத்தைத் தின்றுவிடாதா?

எங்கள் குடும்பத்துக்குப் பாபநாசம் பக்கம் நெல்லும் உண்டு, கொள்ளிடக் கரையோரம் கொஞ்சம் கரும்பும் உண்டு. அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு ஏக்கர் கணக்கைப் போட்டுவிடலாம். தமிழ்நாட்டில் ஏக்கருக்கு 40 டன் கரும்பு என்பது சராசரியான விளைச்சல். அதன் சாறு முழுவதையும் சர்க்கரை ஆக்காமல் நேரடியாக எத்தனாலுக்குக் கொடுத்தால் டன்னுக்கு 70 லிட்டர் வீதம் 2,800 லிட்டர் கிடைக்கும். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் இது சுமார் 1,850 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். கரும்பு நிலத்தைப் பத்துப் பன்னிரண்டு மாதம் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் அதே ஏக்கரில் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் எடுத்தால் சுமாராக 4 டன் நெல், அதாவது 2.7 டன் அரிசி. ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ வாங்குகிற குடும்பங்களை வைத்துப் பார்த்தால் பதினோரு குடும்பங்களின் ஒரு வருட அரிசி.

இதை மட்டும் பார்த்தால் பதில் சுலபம். ஆனால் எத்தனால் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துக் கணக்கு தலைகீழாக மாறும். அதே 40 டன்னை ஆலை வழக்கம்போலச் சர்க்கரையாக்கி, கடைசியில் மிஞ்சும் மொலாசஸில் மட்டும் எத்தனால் காய்ச்சினால் டன்னுக்குப் பத்து லிட்டர்போல வரும், மொத்தம் சுமார் 400 லிட்டர். சர்க்கரை குறையாது, ஒரு குழி நிலமும் கூடுதலாகத் தேவையில்லை. இதை யாரும் எதிர்க்கக் காரணமில்லை. சாறு எத்தனால்தான் உணவோடு மோதுகிறது. மழை குறைந்து சர்க்கரை உற்பத்தி சரியும் என்று தெரிந்ததும் 2023 டிசம்பரில் மத்திய அரசே சாறிலிருந்து எத்தனால் எடுக்கத் தடை போட்டது, பிறகு ஒரு வரம்பு வைத்து அனுமதித்தது. சர்க்கரையும் எத்தனாலும் ஒரே தொட்டியிலிருந்து எடுப்பவைதான் என்பது அப்போது வெளிப்படையாகத் தெரிந்தது.

சரி, டெல்டாவில் நெல் வயல் கரும்பு வயலாகிவிடுமா? பெரும்பாலான இடத்தில் ஆகாது. மண்ணே விடாது. நாகப்பட்டினம், திருவாரூர் கடைமடையில் ஐப்பசி, கார்த்திகையில் நாள்கணக்கில் தண்ணீர் தேங்கும். நெல் அதைத் தாங்கும். வடிகால் இல்லாத களியில் கரும்பின் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகி, தோகை மஞ்சளாகும், காற்றடித்தால் சாயும். கரும்பு நிற்பது கொள்ளிடப் படுகை, கும்பகோணம், பாபநாசம் பகுதி மேட்டு வயல், குருங்குளம், ஒரத்தநாடு பக்கத்துப் புது டெல்டா மாதிரியான இடங்களில்தான்.

அங்கேயும் உண்மையான போட்டி நிலத்துக்கு இல்லை, தண்ணீருக்கு. அதிலும் எந்த மாதத் தண்ணீர் என்பதுதான் விஷயம். எத்தனால் கலப்பு பற்றி நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கை, கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்கிறது. நம் 2,800 லிட்டரை அதோடு பெருக்கினால் 80 லட்சம் லிட்டர், அதாவது அந்த ஏக்கர் முழுக்க 2 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர். பயமுறுத்துகிற எண்தான், ஆனால் இரண்டு போக நெல்லும் அதற்குக் குறைவாகக் குடிப்பதில்லை. நியாயமாகப் பேசினால் இதைச் சொல்லியாக வேண்டும். வித்தியாசம் எங்கே என்றால், நெல் குடிப்பது ஆற்றில் தண்ணீர் ஓடும்போது. மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது வழக்கம், நெல்லின் காலமும் அதுதான். தை, மாசியில் நட்ட கரும்புக்கு அணை மூடியபிறகுதான் பசி எடுக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் வாரம் பத்து நாளுக்கு ஒருமுறை பாய்ச்சவேண்டும். அது முழுக்க போர்வெல் தண்ணீர். பக்கத்து ஊரில் குடிதண்ணீர் போர் அந்த மாதங்களில் காற்று வாங்குகிறதா என்று பார்த்தாலே நிலைமை புரிந்துவிடும்.

விவசாயி ஏன் கரும்புக்குப் போகிறார் என்பதையும் பார்க்கவேண்டும். கொள்முதல் நிலைய வாசலில் மூட்டையைக் குவித்துவிட்டு, 17 சதவீத ஈரப்பதத்துக்காக மழையில் தார்ப்பாய் போட்டுக் காத்துக் கிடந்தவர்களுக்கு ஆலை ஒப்பந்தம் நிம்மதியாகத் தெரியும். 2024-25 அரவைப் பருவத்தில் மாநில ஊக்கத்தொகையும் சேர்ந்து கரும்புக்கு டன்னுக்கு 3,500 ரூபாய்போலக் கிடைத்தது. ஆனால் வெட்டுக்கூலி டன்னுக்கு ஆயிரத்தை ஒட்டிப் போய்விடுகிறது. ஆலை தரும் வெட்டு ஆணை தள்ளிப்போனால் இன்னும் மோசம். கரும்பு பூவெடுத்து, நடுத்தண்டு பஞ்சாகி, எடையும் சர்க்கரை ரெகவரியும் சேர்ந்து இறங்கும். எங்கள் வயலிலேயே ஒரு வருடம் இரண்டு மாதம் தாமதமாக ஆள் வந்தது, கணுவை வெட்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக வெற்று. பணம் அதைவிடத் தாமதமாக வந்தது. 14 நாளில் தரவேண்டும் என்று 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. எத்தனால் பணம் எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து ஆலைக்குச் சில வாரங்களில் வந்துவிடுவதால் இந்த நிலுவை குறைய வழி உண்டு. எத்தனாலுக்கு ஆதரவாக நான் முழு மனதோடு ஏற்கும் வாதம் இது ஒன்றுதான்.

என்னைக் கவலைப்பட வைப்பது கரும்பு இல்லை, அரிசி. இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கிலிருந்து 2024-25 எத்தனால் ஆண்டுக்கு 52 லட்சம் டன் அரிசி ஒதுக்கப்பட்டது, விலை குவிண்டாலுக்கு 2,250 ரூபாய். ஒரு டன் அரிசியில் சுமார் 450 லிட்டர் எத்தனால் கிடைக்கும். நம் ஏக்கரின் 2.7 டன் அரிசியைக் காய்ச்சினால் 1,200 லிட்டர்தான், கரும்புச் சாறில் பாதிகூட இல்லை. நிலமும் தண்ணீரும் நெல்லுக்கே செலவாகி, கடைசியில் கிடைப்பது குறைந்த எரிபொருள். நனைந்து முளைத்த நெல், பூசணம் பிடித்த தானியம் போகட்டும். நல்ல அரிசி போகக்கூடாது என்பது என் கருத்து.

அப்புறம் மக்காச்சோளம். இன்று நாட்டின் எத்தனாலில் மிகப் பெரிய பங்கு அதிலிருந்துதான் வருகிறது. டெல்டாவில் அது நெல்லை விரட்டாது, உளுந்தை விரட்டும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, நிற்கிற பயிருக்குள் மெழுகுபதத்து ஈரத்தில் உளுந்தையும் பயறையும் தெளித்துவிடுவோம். உழவு இல்லை, பாசனம் இல்லை, மிச்ச ஈரத்திலும் பனியிலும் விளைந்துவிடும், மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும். அதே மாதங்களில் மக்காச்சோளம் போட்டால் உழவேண்டும், உரம் போடவேண்டும், போர்வெல் ஓட்டவேண்டும். உங்கள் ஊரில் நிலப்போட்டி வருகிறதா என்று தெரிந்துகொள்ள மாசி மாதம் வயலுக்குப் போய், சம்பா தாளுக்கு நடுவே உளுந்து இருக்கிறதா, உழுது பார் பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.