சாவி கொடுத்த பிறகு வரும் போன்

மே கடைசி வாரம், மகளின் மேல்படிப்பு பற்றி என்னிடம் ஆலோசனை கேட்கத் திருமங்கலத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். அம்மா கையில் மகளின் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், பிளாஸ்டிக் கவரில். கூடவே பெரியப்பா. பொறியியல் கட்-ஆஃப் 131. கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேசி முடித்துவிட்டார் பெரியப்பா. விடுதியோடு நாலு வருஷத்துக்கு 12 லட்சம். பாதி கையிலிருந்து, பாதி கடன்.

"பிள்ளை மட்டும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்குது மேடம். நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க" என்றார் அம்மா.

பெற்றோரைப் பதற விடக் கூடாது என்று முதல் பத்து நிமிஷம் இதமாகத்தான் பேசினேன். அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து மேஜையில் வைத்த பிறகு என் பேச்சு மாறிவிட்டது.

பரீட்சை முடிந்த கையோடு மதுரை டவுனில் இருக்கும் தாய்மாமா லாட்ஜுக்குப் போயிருக்கிறாள். கோயிலுக்கு நடந்து போகிற தூரம், 22 ரூம். மாமா இரண்டு வருஷமாக வந்தவர்களை 'வரவேற்கிறார்': வரவேற்பு மேஜையில் ஒரு டம்ளர் ரோஸ் மில்க், பெண்களுக்கு ஒரு முழம் மல்லிகை, குங்குமம். மாதம் கணிசமான செலவு. ரூமைக் காலி செய்யும்போது நீட்டுகிற கருத்து அட்டையில் எல்லாரும் 'பூ கொடுத்தது அருமை' என்று எழுதியிருக்கிறார்கள். மாமாவுக்கு அது போதும். இவளுக்குப் போதவில்லை, ஏனென்றால் மேஜையில் உட்கார்ந்து இன்டர்காம் எடுப்பது இவள்தான். சாவி வாங்கிப் போன கால் மணி நேரத்தில் போன் அடிக்கும்.

ஏப்ரல் முதல் இரண்டு வாரம் ஒன்றையும் மாற்றாமல், ரூம் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வந்த ஒவ்வொரு போனையும் எழுதி வைத்தாள். 84 ரூம் போனது, 61 போன் வந்தது. வெந்நீர் வரவில்லை என்று 27. வைஃபை பாஸ்வேர்ட் 14. காலி செய்யும் நேரம் 24 மணிக் கணக்கா, பகல் 12 மணியா என்று 9. மற்றவை 11. அட்டையில் பூவைப் புகழ்ந்த அதே ஆட்கள்தான், பாத்ரூமில் சோப்பு நுரையோடு நின்று போன் போட்டவர்களும்.

அட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் அதைக் காலி செய்யும்போது, முதலாளி முகத்துக்கு நேரே, கணக்கு தீர்க்கிற அவசரத்தில் எழுதுகிறார்கள். நம் ஊரில் யார் அங்கே நின்று குறை எழுதுவார்கள்? 'வரவேற்பு எப்படி இருந்தது' என்று கேட்டால் 'நல்லா இருந்துச்சு' என்பதுதான் பதில். இவள் கேள்வியையே மாற்றினாள். மறுநாள் காலை டீ வாங்க இறங்கி வருகிறவர்களிடம், "நேத்து ரூமுக்குப் போனதும் முதல்ல எதைத் தேடினீங்க?" என்று கேட்டாள். அபிப்பிராயம் கேட்கவில்லை, நடந்ததைக் கேட்டாள். கீசர் சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, கதவுக்குப் பின்னால் இருக்கிறது என்பது அப்படித்தான் தெரிய வந்தது. இரண்டு வருஷத்து அட்டைகளில் ஒன்றில்கூட அது இல்லை.

அடுத்து அவள் செய்தது தப்பு. அதையும் நோட்டில் எழுதியிருக்கிறாள். சாவி கொடுக்கும்போதே ஒன்பது விஷயத்தை ஒப்பித்தாள்: வெந்நீர், வைஃபை, லிஃப்ட், சாப்பாடு, பார்க்கிங், கோயில் நேரம், இன்னும் என்னென்னவோ. இரண்டு வாரத்தில் 80 ரூம், 57 போன். கிட்டத்தட்ட அசையவே இல்லை. ராத்திரி முழுக்க ரயிலில் வந்து, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஆதார் ஜெராக்ஸ் தேடுகிற மனிதர் காதில் எது ஏறும்? தலையை மட்டும் ஆட்டுவார். வரவேற்பில் அதிகம் சொன்னால் அதிகம் புரியும் என்று பெரிய ஹோட்டல்காரர்களே நினைப்பதுண்டு.

அழகர் ஆற்றில் இறங்குகிற சமயத்து நாட்களைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. "அன்னைக்கு ரூம் கிடைச்சதே பெருசு மேடம், வெந்நியை யாரு கேக்குறா?" என்றாள். இந்த வயசில் இந்த நிதானம் எனக்கு இருந்ததில்லை.

மூன்றாவது முறை வாயால் சொல்வதை இரண்டாகக் குறைத்தாள். கோயில் மதியம் நடை சாத்தி சாயங்காலம் திறக்கும், உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. வந்தவர்கள் கீழே இறங்குவதற்குள் தெரிய வேண்டியது அவ்வளவுதான். காலி செய்யும் நேரமும் வைஃபையும் சாவிக் கவரில் பெரிய எழுத்தில். பெட்டி தூக்கிப் போகும் ரூம் பாய் கீசர் சுவிட்சைப் போட்டுக் காட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். 82 ரூமுக்கு 26 போன். வெந்நீர் 5, வைஃபை 3, நேரம் 2, மற்றவை 3.

மிச்சம் 13 என்ன தெரியுமா? "திருப்பரங்குன்றம் முடிச்சிட்டு அப்படியே அழகர்கோயில் போக முடியுமா?", "நாயக்கர் மகாலுக்கு நடந்தே போயிரலாமா?", "சுங்குடி சேலை எங்க நல்லா இருக்கும்?" முதல் இரண்டு வாரத்தில் இந்த மாதிரிக் கேள்வி 'மற்றவை'க்குள் இரண்டோ மூன்றோதான். ரூமைப் பற்றிக் கேட்டவர்கள் ஊரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். வரவேற்பு வேலை செய்ததா என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அடையாளம் இல்லை. கேள்வியே வராவிட்டால் சந்தோஷப்படக் கூடாது. கேட்கக் கூச்சப்பட்டுப் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

பெரியப்பா லேசுப்பட்டவர் இல்லை. "மே மாசம் மேடம். வெயில்ல எவன் வெந்நீர் கேப்பான்? அதான் போன் குறைஞ்சிருக்கு" என்றார். நியாயமான சந்தேகம். அவள் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே ஏற்கெனவே பென்சிலில்: 'வெந்நீர் குறைந்ததற்கு வெயிலும் காரணமாக இருக்கலாம். வைஃபை 14 இல் இருந்து 3. அதற்கும் வெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. மார்கழியில் மறுபடி எண்ண வேண்டும்.'

திரும்பி வருகிறவர்களைப் பற்றியும் பார்த்திருக்கிறாள். மாமாவின் பழைய ரிஜிஸ்டரில் போன் நம்பரை வைத்து, போன வருஷம் ஜூனில் முதல் தடவை வந்தவர்களில் ஆறு மாதத்துக்குள் மறுபடி வந்தவர்களைத் தேடினாள். மொத்தமாக எண்ணியபோது எண்ணிக்கை கேவலமாக இருந்தது. பிரித்துப் பார்த்ததும் விளங்கியது. மெடிக்கல் ரெப்புகளும் வியாபாரிகளும் 30 பேரில் 11 பேர் திரும்பியிருக்கிறார்கள். சாமி கும்பிட வந்த குடும்பங்கள் 140இல் 4. காசிக்குப் போனவன் மாசாமாசம் காசிக்கா போவான்? அந்த 4 மோசமான எண் இல்லை, தப்பான கேள்விக்கு வந்த பதில். அவர்களிடம் கேட்க வேண்டியது, "யார் சொல்லி இங்க வந்தீங்க?" போன முறை தங்கியவர் சொல்லி அனுப்பினார் என்றால் அதுவே திரும்பி வந்த கணக்கு. ரெப்புகளிலும் ஒரு சிக்கல்: கம்பெனி வாடகை பேசி வைத்திருந்தால், பிடிக்காவிட்டாலும் வருவார்கள். அதனால் "அதே 204 கிடைக்குமா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் தனியாகக் கோடு போட்டிருக்கிறாள். புது முறையால் திரும்புகிறவர்கள் கூடினார்களா என்பது இப்போது தெரியாது, டிசம்பரில்தான் தெரியும் என்று அவளே சொல்லிவிட்டாள்.

இனி அப்பாவுக்கு. 6 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதம் 8,265 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி இதற்கு மேலே. மகள் இஞ்சினியரிங் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். வேண்டாம் என்கிற படிப்புக்கு, கடையை நம்பி இந்தத் தவணையில் கையெழுத்துப் போடாதீர்கள். இதில் நான் இறங்கி வர மாட்டேன். பெரியப்பா பேசி முடித்தது பெரியப்பாவின் கௌரவம். தவணை உங்கள் கல்லாவிலிருந்து போகும்.

பி.காம், பி.எட், போட்டித் தேர்வு பற்றியெல்லாம் உங்களுக்குத் தெரியும், விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது: ஃப்ரன்ட் ஆபீஸ், அதாவது ஹோட்டலின் வரவேற்பு மேஜை வேலை. மூன்று வருஷ ஹோட்டல் நிர்வாகப் பட்டத்துக்குத் தேசிய நுழைவுத் தேர்வு உண்டு, இந்த வருஷத்துக்கு அது முடிந்துவிட்டது. ஆனால் தேசிய ஹோட்டல் மேலாண்மை கவுன்சிலின் ஃப்ரன்ட் ஆபீஸ் டிப்ளமோ ஒன்றரை வருஷம்தான். பிளஸ் டூ போதும். அதில் ஆறு மாதம் ஹோட்டலிலேயே பயிற்சி. திருச்சி துவாக்குடியில் அரசு ஹோட்டல் மேலாண்மை நிறுவனம் இருக்கிறது, சென்னை தரமணியிலும் ஒன்று. இந்த வருஷம் எந்த டிப்ளமோக்களுக்குச் சேர்க்கை, மொத்தக் கட்டணம் எவ்வளவு, விடுதி உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். போனில் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். ரூம் புக்கிங், தங்குபவரின் கணக்கு, எத்தனை ரூம் நிரம்பியது என்ற சதவீதம், ராத்திரி கணக்கு முடிப்பது இதெல்லாம் அங்கே பாடம். உங்கள் மகள் பாதியை நோட்டில் தானாகவே பிடித்துவிட்டாள்.

"லாட்ஜுல பொம்பளப் பிள்ளையா?" என்று அம்மா கேட்டது எனக்கும் காதில் விழுந்தது. ஆரம்பச் சம்பளம் குறைவு. நைட் ஷிப்டும் வரும். இரண்டையும் மறைக்க மாட்டேன். பயிற்சிக்குப் போகும் ஹோட்டலில் ராத்திரி வேலைக்கு வண்டி அனுப்புகிறார்களா, வரவேற்பில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று சேரும் முன் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வேறு ஹோட்டல் கேட்டு வாங்குங்கள். பயம் தீர அதுதான் வழி. கோயம்புத்தூர் கல்லூரி அந்தப் பயத்துக்கு மருந்து இல்லை.

பெரியப்பா டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். அப்பா நோட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, அந்த 13 கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கடையிலிருந்தே போன் செய்தார். பின்னால் தராசுத் தட்டு விழுகிற சத்தம். முந்தின நாள் என்னிடம் அவர் கேட்டதெல்லாம், இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டா, சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான். அன்றைக்குக் கேட்டது: "மேடம், துவாக்குடிக்கு மாட்டுத்தாவணியில நேரா பஸ் இருக்கா, இல்ல திருச்சில இறங்கி மாறணுமா?"