சரக்கு சென்னையைத் தாண்டவில்லை, பில்லில் ஐஜிஎஸ்டியா?

கேள்வி: சார், பாரிமுனையில் எலக்ட்ரிக்கல் பொருள் மொத்த வியாபாரம் செய்கிறேன். பெங்களூரு கம்பெனி ஒன்று 50,000 ரூபாய்க்கு ஒயர் வாங்கி, அதை அம்பத்தூரில் இருக்கும் அவர்களுடைய கஸ்டமர் கடையில் இறக்கச் சொன்னது. வண்டி சென்னையை விட்டே போகவில்லை, அதனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டேன். ஐஜிஎஸ்டி பில்தான் வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். யார் சொல்வது சரி?

பதில்: அவர்கள் சொல்வதுதான் சரி. வண்டி எங்கே போனது என்பதை வைத்து முடிவு செய்தீர்கள், பெரும்பாலான பில்லுக்கு அது போதும், ஆனால் இங்கே ஒரே சரக்குக்கு இரண்டு விற்பனை நடந்திருக்கிறது. நீங்கள் விற்றது பெங்களூருக்காரருக்கு, அவர் விற்றது அம்பத்தூர் கடைக்கு. ஒருவர் சொல்லி இன்னொருவரிடம் சரக்கை இறக்கினால், சொன்னவரே சரக்கைப் பெற்றுக்கொண்டதாகக் கருதி, அவருடைய முதன்மை வியாபார இடத்தைத்தான் சப்ளை நடந்த இடமாக எடுக்க வேண்டும் என்று ஐஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 10(1)(b) சொல்கிறது. அவருடைய ஜிஎஸ்டி எண் 29 என்று தொடங்கும், அது கர்நாடகா, உங்களுடையது 33. மாநிலம் வேறு, அதனால் ஐஜிஎஸ்டி.

தொகையில் வித்தியாசம் இல்லை. 18 சதவீதத்தில் நீங்கள் 4,500 மத்திய அரசுக்கு, 4,500 தமிழ்நாட்டுக்கு என்று போட்டிருப்பீர்கள். இப்போது 9,000 ஒரே வரியில் ஐஜிஎஸ்டியாக வரும், பில் அதே 59,000தான். அப்புறம் ஏன் திருப்பி அனுப்பினார்கள் என்றால், தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டியை கர்நாடகப் பதிவில் இன்புட் கிரெடிட்டாக எடுக்கவே முடியாது, நீங்கள் போட்ட பில்லை அப்படியே வைத்துக்கொண்டால் நஷ்டம் அவர்களுக்கு. புதுப் பில்லில் பில் டு பெங்களூரு முகவரி, ஷிப் டு அம்பத்தூர் முகவரி, ப்ளேஸ் ஆஃப் சப்ளை கர்நாடகா என்று இருக்க வேண்டும். பில்லிங் சாஃப்ட்வேர் சில சமயம் ஷிப் டு முகவரியைப் பார்த்துத் தானாகவே தமிழ்நாடு என்று எடுத்துக்கொள்ளும், அந்தக் கட்டத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒன்று மட்டும் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: அம்பத்தூரில் இருப்பது நிஜமாகவே வேறொருவரின் கடைதானா? பெங்களூரு கம்பெனி தன்னுடைய சொந்த வேலைக்காகத் தன்னுடைய சைட்டிலேயே இறக்கச் சொல்லியிருந்தால் நடுவில் மூன்றாவது ஆள் கிடையாது, சரக்கு போய்ச் சேர்ந்த இடம்தான் கணக்கு, அப்போது நீங்கள் முதலில் போட்ட பில்லே சரி. கிரெடிட் போகிறதே என்று அவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும் அந்த நிலையில் ஐஜிஎஸ்டிக்கு மாற்றாதீர்கள்.

இந்த மாத ரிட்டர்ன் இன்னும் போடவில்லை என்றால் பழைய பில்லை ரத்து செய்துவிட்டு புதிதாகப் போடுங்கள், அதோடு முடிந்தது. வரியைக் கட்டியாயிற்று என்றால் கொஞ்சம் அலைச்சல் உண்டு: 9,000 ஐஜிஎஸ்டியை முதலில் கட்டிவிட்டு, தவறாகக் கட்டிய இரண்டு 4,500-ஐயும் போர்ட்டலில் RFD-01 படிவம் மூலம் திருப்பிக் கேட்க வேண்டும். ஐஜிஎஸ்டி தாமதமாகக் கட்டியதற்கு வட்டி கிடையாது, ஆனால் அதைக் கட்டிய நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.