படர்தாமரை மாத்திரையும் சில்டெனாஃபிலும்

கேள்வி: எனக்கு வயது 54. விறைப்புக் குறைபாட்டுக்காக எப்போதாவது சில்டெனாஃபில் 50 மி.கி. போட்டுக்கொள்வேன். படர்தாமரைக்காகத் தோல் மருத்துவர் இட்ராகோனசோல் கொடுத்திருக்கிறார். கிரேப்ஃப்ரூட் சாறு குடிக்கக் கூடாது என்று படித்தேன், நான் குடிப்பதில்லை. வழக்கம்போல் போடலாமா?

பதில்: வழக்கம்போல் போடாதீர்கள். உங்கள் விஷயத்தில் கவலைப்பட வேண்டியது பழச்சாற்றைப் பற்றியல்ல, இட்ராகோனசோலைப் பற்றித்தான்.

நாம் விழுங்கும் சில்டெனாஃபிலில் ஏறக்குறைய 40 சதவீதமே இரத்தத்துக்குள் போய்ச் சேருகிறது. மீதியைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் உள்ள சிஒய்பி3ஏ4 என்ற நொதி வழியிலேயே சிதைத்துவிடுகிறது. 50 மி.கி. என்ற அளவே இந்த இழப்பையும் கணக்கில் கொண்டு வகுக்கப்பட்டதுதான். கிரேப்ஃப்ரூட் பெரும்பாலும் குடலில் உள்ள நொதியை மட்டும் முடக்குவதால் மருந்தின் அளவு ஓரளவே கூடுகிறது. இட்ராகோனசோலும் அதே வகைப் பூஞ்சைக்கொல்லியான கீட்டோகோனசோலும் கல்லீரலிலும் சேர்த்து முடக்குகின்றன. எச்ஐவி மருந்தான ரிடோனாவிர் இன்னும் கடுமையானது: ஆய்வில் அது உடல் எதிர்கொள்ளும் சில்டெனாஃபிலின் மொத்த அளவைச் சுமார் 11 மடங்காக்கியது. அதனால்தான் அதை உட்கொள்வோர் 48 மணி நேரத்தில் சில்டெனாஃபில் 25 மி.கி.யைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது.

இட்ராகோனசோல் முடியும் வரை சில்டெனாஃபிலை நிறுத்தி வைப்பதே எளிய வழி. ஆனால் இட்ராகோனசோலின் கடைசி மாத்திரையோடு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. அந்த மருந்து உடலை விட்டு நீங்க ஒன்று முதல் இரண்டு வாரம் வரை ஆகும் என்பதால், அதன்பின் இரண்டு வாரம் பொறுங்கள். இடையில் தேவைப்பட்டால் 25 மி.கி. போதுமா என்பதை உங்கள் இரத்த அழுத்தத்தைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

நுண்ணுயிர்க்கொல்லிகளில் ஒரு வேறுபாட்டை நன்றாக நினைவில் வையுங்கள். எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும் சில்டெனாஃபிலின் அளவைக் கூட்டும். அதே குடும்பத்தைச் சேர்ந்த அசித்ரோமைசின் கூட்டாது. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால், தொண்டை வலிக்கு அசித்ரோமைசின் எழுதிக்கொடுத்தால் அஞ்சி விட்டுவிடுபவர்களும் உண்டு, கிளாரித்ரோமைசினை அதுதான் என்று நம்பி விழுங்குபவர்களும் உண்டு. சீட்டில் உள்ள முழுப் பெயரையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

சீட்டே இல்லாமல் சில்டெனாஃபிலை உதிரியாக வெட்டித் தரும் மருந்துக்கடைக்காரர், நீங்கள் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. அவரைவிட மோசமானவர்கள் ‘வீரிய மூலிகை’ விற்பவர்கள். அத்தகைய பொருள்கள் பலவற்றில் சில்டெனாஃபில் அறிவிக்கப்படாமல் கலக்கப்பட்டிருப்பது சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்திருக்கிறது. இரண்டு மருத்துவர்களின் சீட்டுகளையும் ஒருவர்கூடச் சேர்த்துப் பார்க்காத ஏற்பாட்டில், நோயாளிக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டால், இந்த மோதலை யார்தான் கண்டுபிடிப்பது? தோல் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பொருத்தமானால் அவர் டெர்பினாஃபின் என்ற வேறு பூஞ்சைக்கொல்லிக்கு மாற்றலாம்.

ஏற்கெனவே இரண்டையும் சேர்த்துப் போட்டிருந்தால், எழும்போது கண் இருட்டுகிறதா, தலை சுற்றுகிறதா, பார்வையில் நீலச்சாயல் தெரிகிறதா என்று கவனியுங்கள். மயக்கம் வந்தாலோ விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சு வலித்தால், நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரையைத் தருவதற்கு முன்பே சில்டெனாஃபில் போட்டதைச் சொல்லிவிடுங்கள். சில்டெனாஃபிலுக்கும் நைட்ரேட்டுக்கும் இடையில் விடும் வழக்கமான 24 மணி நேர இடைவெளி உங்களுக்குப் போதாது என்பதால் இட்ராகோனசோலின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.